கோட்டுக்கு இந்தப் பக்கம் 13 மணி நேரம்

மெல்போர்னில் இருக்கும் மகளைப் பார்க்க அத்தை கிளம்புவதற்கு நாலு நாள் இருக்கும்போது போன் வந்தது.

"டேய், நடுவுல சிங்கப்பூர்ல பதிமூணு மணி நேரம் உக்காரணுமாம். எங்கடா படுக்கறது? பெட்டியை யாரு பாத்துக்குவா? வெளிய கால் வெச்சா புடிச்சு வெச்சுக்குவாங்களா?"

நீண்ட காத்திருப்போடு விமானம் மாறிப் போகிற எவருக்கும் இருக்கிற மூன்று கேள்விகளையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டார். அன்று இரவே ஒரு பக்கத்துக்குப் பெரிய எழுத்தில் குறிப்பு எழுதி அனுப்பினேன். அது பிறகு உறவினர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி, எனக்கு முகம் தெரியாதவர்கள்கூடச் சந்தேகம் கேட்கத் தொடங்கினார்கள். அந்த ஒரு பக்கத்தின் விரிவுரைதான் இது. சென்னை, திருச்சி, கோவையிலிருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் வழியாக வேறு நாட்டுக்குப் போகும் இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கானது.

குறிப்பின் முதல் வரி: "அத்தை, அங்கே ஒரு கோடு இருக்கிறது. அதைத் தாண்டாதவரை உங்களுக்கு விசா வேண்டாம், பெட்டிக் கவலை வேண்டாம்."

கோடு என்றால் இமிக்ரேஷன். சிங்கப்பூர்த் தமிழில் 'குடிநுழைவு' என்பார்கள். நம் 'குடியேற்றம்' என்பதைவிட எனக்கு இந்தச் சொல் பிடிக்கும், நுழைவதைத்தானே சோதிக்கிறார்கள். விமானத்தை விட்டு இறங்கியதும் நீங்கள் கோட்டுக்கு உள்பக்கம் இருக்கிறீர்கள். கடைகள், சாப்பாடு, நாற்காலிகள், அடுத்த விமானத்தின் கேட் எல்லாம் அதே பக்கத்தில்தான். சட்டப்படி நீங்கள் இன்னும் சிங்கப்பூருக்குள் நுழையவே இல்லை. அதனால் இந்தியர்களுக்கு அங்கே டிரான்சிட் விசா கேட்பதில்லை. எல்லா நாடும் இப்படி இல்லை. அமெரிக்காவில் இந்த 'உள்பக்கம்' என்பதே கிடையாது. அங்கே விமானம் மட்டும் மாறிப் போகிறவரும் விசாவோடு வந்து, குடிநுழைவு தாண்டி, பெட்டியை எடுத்து மறுபடி போட்டாக வேண்டும். சிங்கப்பூர் பழக்கத்தில் நியூயார்க் வழியாக டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

ஆனால் ஆசைப்பட்டுக் கோட்டைத் தாண்டுவது வேறு, வேறு வழியில்லாமல் தாண்ட நேர்வது வேறு. இரண்டாவதுதான் ஆளைக் கவிழ்க்கும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

படிக்கப் போன காலத்தில் திருச்சியிலிருந்து மெல்போர்னுக்கு ஒரு பயண முகவரிடம் டிக்கெட் வாங்கினேன். சில ஆயிரம் குறைவாகக் கிடைத்தது என்று சந்தோஷம். அவர் கொடுத்தது ஒரு டிக்கெட் அல்ல, இரண்டு: திருச்சி–சிங்கப்பூர் ஒரு நிறுவனத்தில், சிங்கப்பூர்–மெல்போர்ன் வேறொன்றில். பின் செய்து ஒன்றாகக் கொடுத்ததால் எனக்கு அது ஒரே பயணமாகத் தெரிந்தது. சாங்கியில் இறங்கி நிம்மதியாகக் காலை நீட்டிப் படுத்து, மூன்று மணி நேரம் கழித்து அடுத்த போர்டிங் பாஸ் வாங்க டிரான்ஸ்ஃபர் கவுண்டருக்குப் போனேன். அங்கிருந்த பெண் என் பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே கேட்டார்: "அண்ணே, உங்க பெட்டி எங்க?"

"அதுபாட்டுக்கு மெல்போர்ன் போயிடுமே."

என் போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டியிருந்த சின்னத் துண்டைத் திருப்பிக் காட்டினார். அதில் SIN என்று இருந்தது. அதாவது என் பெட்டிக்குப் பயணம் சிங்கப்பூரோடு முடிந்துவிட்டது. மூன்று மணி நேரமாகக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்பாரில்லாமல் கிடந்திருக்கிறது. நான் தாண்டிப் போய் எடுத்து, அடுத்த நிறுவனத்தின் செக்-இன் கவுண்டரில் போட வேண்டும். கையில் சிங்கப்பூர் விசா இல்லை. ஆஸ்திரேலிய மாணவர் விசா இருந்ததால் ஒரு சலுகையில் வெளியே விட்டார்கள். அதைப் பிறகு சொல்கிறேன். பெட்டியோடு கவுண்டருக்கு ஓடிச் சேர்ந்தபோது அதை மூடச் சில நிமிடங்களே இருந்தன.

ஆகவே டிக்கெட் வாங்கியதும் பார்க்க வேண்டியது விலையை அல்ல. ஆறு எழுத்து, எண் கொண்ட முன்பதிவுக் குறியீடு ஒன்று இருக்கும். முழுப் பயணமும் ஒரே குறியீட்டில், ஒரே டிக்கெட்டாக இருந்தால் பெட்டி கடைசி ஊர்வரை தானாகப் போகும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. இரண்டு தனி டிக்கெட் என்றால் இரண்டாவது நிறுவனத்தின் பார்வையில் நீங்கள் சிங்கப்பூரில் பிறந்து அங்கிருந்தே கிளம்புகிறவர். முதல் விமானம் தாமதம் என்று சொன்னால் அனுதாபப்படுவார்கள், அவ்வளவுதான். பயணி வரவில்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. இப்படித் தனி டிக்கெட்டில் பெட்டியோடு போகிறவரிடம், வெளியே போக வழியிருக்கிறதா என்று சென்னைக் கவுண்டரிலேயே கேட்பார்கள். இல்லையென்றால் விமானத்திலேயே ஏற்ற மறுக்கலாம்.

பெட்டியை ஒப்படைக்கும்போது செய்ய வேண்டியது ஒரே ஒரு வேலை. கைப்பிடியில் சுற்றும் நீளமான டேக்கைப் பாருங்கள். பெரிய எழுத்தில் மூன்றெழுத்து இருக்கும். அத்தைக்கு அது MEL என்று இருக்க வேண்டும். வழியில் மாறும் ஊராக SIN என்பது தனியே அச்சாகியிருக்கும். பெரிய எழுத்தே SIN என்றிருந்தால் அங்கேயே நின்று கேளுங்கள், நகராதீர்கள். உங்களிடம் தரும் சின்னத் துண்டில் பத்து இலக்க எண் இருக்கும். பெட்டி தொலைந்தால் அதை வைத்துத்தான் தேடுவார்கள். பெட்டியின் நிறத்தைச் சொல்லி யாரும் கண்டுபிடிப்பதில்லை. இரண்டு போர்டிங் பாஸையும் சென்னையிலேயே கேட்டு வாங்கிக்கொண்டால் நடுவில் கவுண்டர் தேடும் வேலை மிச்சம்.

ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் நடுவில் 24 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் அது மாறிப்போகும் பயணக் கணக்கில் வராது. அங்கே இறங்கித் தங்குவதாகக் கொள்வார்கள்; பெட்டியும் பெரும்பாலும் சிங்கப்பூரிலேயே கைக்கு வந்துவிடும்.

பெட்டி தானாகப் போகிறது என்பதற்கு மறுபக்கமும் உண்டு. 13 மணி நேரமும் அதைத் தொட முடியாது. அத்தைக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. இரண்டு நாளைக்கான மாத்திரை, மருத்துவரின் சீட்டு, ஒரு மாற்றுப் புடவை, பல் துலக்கும் பிரஷ், ஒரு கனமான சால்வை இத்தனையும் கைப்பையில் என்று எழுதினேன். சால்வைக்கு அடிக்கோடு போட்டேன். வெளியே சிங்கப்பூர் நம்ம ஊர் மாதிரிப் புழுங்கும். உள்ளே குளிர் எலும்பில் இறங்கும்.

இனி படுக்கை. அத்தையின் விமானம் சென்னையில் இரவு 11:30க்குக் கிளம்பி, நாலு மணி நேரம் பறந்து, சிங்கப்பூர் நேரம் காலை 6 மணிக்கு இறங்குகிறது. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அடுத்த விமானம் இரவு 7 மணிக்கு. நம் உடம்புக்கு இறங்கும்போது மணி விடியற்காலை மூன்றரை, தூக்கமே இல்லாத இரவு. அதனால் முதல் வேலை தூக்கம், மற்றதெல்லாம் பிறகு என்று திட்டமிட்டோம்.

காசில்லாமல் படுக்கச் சாங்கியில் ஓய்வுக்கூடங்கள் உண்டு; பலகையில் Snooze Lounge என்று போட்டிருக்கும். கால் நீட்டிச் சாயும் நாற்காலிகள். இளைஞர்களுக்கு இது தாராளம். ஆனால் விளக்கு முழுதாக அணையாது, ஆள் நடமாட்டம் ஓயாது, நள்ளிரவில் இடம் பிடிப்பதும் சிரமம். 67 வயதில் முதுகுவலியோடு இருப்பவரை அங்கே விட எனக்கு மனமில்லை.

கோட்டுக்கு உள்பக்கமே டிரான்சிட் ஹோட்டல்கள் இருக்கின்றன. நாள் வாடகை இல்லை. மணிக்கணக்கில், பெரும்பாலும் ஆறு மணி நேரத் தொகுப்பாகக் கட்டணம். சின்ன அறைதான், ஆனால் கதவைப் பூட்டிக்கொண்டு குளித்துவிட்டுத் தூங்கலாம். முதல் முனையத்தில் இருக்கும் ஏரோடெலில் நீச்சல் குளம்கூட உண்டு. முன்பதிவு செய்யும்போது ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. 'சாங்கி விமான நிலைய ஹோட்டல்' என்று தேடினால் யோட்டெல்ஏர், கிரவுன் பிளாசா எல்லாமும் வரும். அவை நல்ல ஹோட்டல்கள்தான், ஆனால் இரண்டுமே கோட்டுக்கு வெளியே. பணம் கட்டிவிட்டு, குடிநுழைவைத் தாண்ட முடியாமல் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். முன்பதிவுப் பக்கத்தில் 'டிரான்சிட் பகுதி' என்று தெளிவாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். முதல் மூன்று முனையங்களுக்கும் இடையே உள்பக்கமே சிறு ரயில் ஓடுகிறது. நாலாவது மட்டும் தனியே ஒதுங்கியிருக்கிறது. அங்கே இறங்கினால் பேருந்து பிடித்து மற்ற முனையத்துக்கு வர வேண்டும்.

கிரெடிட் கார்டு லவுஞ்சை நம்பிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே இரண்டு ரூபாய் தேய்த்து உள்ளே போகிற வசதி பல கார்டுகளில் உள்நாட்டு விமான நிலையங்களோடு சரி. வெளிநாட்டுக்கும் செல்லுமா என்று வங்கியில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். சக்கர நாற்காலி உதவியையும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அது ஒரு கேட்டிலிருந்து இன்னொரு கேட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு; 13 மணி நேரமும் தள்ளிக்கொண்டு சுற்றிக்காட்ட யாரும் வரமாட்டார்கள். ஓய்வறை எடுத்திருந்தால் அங்கே விடச் சொல்லி, எத்தனை மணிக்குத் திரும்ப வந்து அழைத்துப்போவார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

தூங்கி எழுந்தால் மதியம் ஒரு மணி. இன்னும் ஆறு மணி நேரம் இருக்கிறது. இப்போதுதான் அத்தையின் மூன்றாவது கேள்வி: வெளியே போகலாமா?

இணையத்தில் எல்லோரும் படம் போடும் அந்த உள்ளரங்க அருவி, 2019-இல் திறந்த ஜுவல் கட்டடத்தில், 40 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. விமான நிலையத்துக்குள் இருப்பதுபோலத் தெரிந்தாலும் ஜுவல் கோட்டுக்கு வெளியே. முனையங்களுக்கு இடையே ஓடும் ரயிலிலிருந்து ஒரு கணம் தெரியும். பக்கத்தில் போய் நின்று பார்க்க வேண்டுமானால் சிங்கப்பூருக்குள் நுழைந்தாக வேண்டும், அதற்கு இந்தியர்களுக்கு விசா வேண்டும்.

இங்கேதான் முன்பு சொன்ன சலுகை. 96 மணி நேர விசா இல்லா டிரான்சிட் என்பது அதன் பெயர். VFTF என்று தேடினால் சிங்கப்பூர் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் தளத்தில் இருக்கும். வேறொரு நாட்டுக்குப் போகிற வழியிலோ திரும்புகிற வழியிலோ இருக்க வேண்டும். 96 மணி நேரத்துக்குள் கிளம்பும் உறுதியான டிக்கெட் வேண்டும். ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி, ஜப்பான், நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய எட்டில் ஏதாவது ஒரு நாட்டின் விசா, இன்னும் ஒரு மாதமாவது செல்லுபடியாகும் நிலையில் கையில் இருக்க வேண்டும். பட்டியலைக் கவனமாகப் பாருங்கள். ஐரோப்பாவின் ஷெங்கன் விசா எல்லாம் ஒன்றுதானே என்று நினைப்போம். ஜெர்மனி கொடுத்த ஷெங்கன் விசா செல்லும். பிரான்ஸ் கொடுத்தது செல்லாது, ஏனென்றால் பிரான்ஸ் பட்டியலில் இல்லை.

அத்தையிடம் ஆஸ்திரேலிய விசா இருந்தது, ஓராண்டுக்கு. தகுதி சரி. ஆனால் ஆஸ்திரேலியா இப்போது பாஸ்போர்ட்டில் எதையும் ஒட்டுவதில்லை, மின்னஞ்சலில்தான் விசா. அந்தக் கடிதத்தை அச்சிட்டுப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்தோம். இதோடு சிங்கப்பூர் வருகை அட்டை, அதாவது SG Arrival Card, நிரப்ப வேண்டும். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள், இணையத்தில், இலவசமாக. பணம் கேட்கிற தளம் வந்தால் அது அரசுத் தளம் இல்லை, மூடிவிடுங்கள். கோட்டைத் தாண்டாமல் உள்ளேயே இருப்பவருக்கு இந்த அட்டை தேவையில்லை.

எல்லாம் சரியாக இருந்தாலும் இது உரிமை இல்லை, சலுகைதான். உள்ளே விடுவதா என்று அங்கே உட்கார்ந்திருக்கும் அதிகாரி முடிவு செய்வார். அதனால் இதை நம்பி வெளியே ஹோட்டலுக்குப் பணம் கட்ட நான் யாருக்கும் சொல்வதில்லை. அருவி பார்க்க, கோயிலுக்குப் போய்வர என்றால் சரி, மறுத்தால் நஷ்டமில்லை. திரும்பி வரும்போது இன்னொரு சிக்கல் வரும். பேரப்பிள்ளையோடு விசாவின் கடைசி வாரம்வரை இருந்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு அந்த ஒரு மாதக் கணக்கு இடிக்கும். ஒருமுறை மட்டும் நுழையும் விசாவுக்கு நிபந்தனை வேறு. வெளியே போயே ஆக வேண்டும் என்கிறவர்கள் சிங்கப்பூர் விசாவை முன்கூட்டியே எடுத்துவிடுவது உத்தமம்.

வெளியே போகிறவர்கள் கைப்பையை ஒருமுறை துழாவிப் பாருங்கள். சிங்கப்பூரில் சிகரெட்டுக்கு வரிவிலக்கு கிடையாது, ஒரு பாக்கெட் என்றாலும் தெரிவித்து வரி கட்ட வேண்டும். மெல்லும் புகையிலை, குட்கா எதுவும் கூடாது. நம்ம வீட்டுக் குருமாவுக்குப் போடுகிற கசகசாவுக்கும் அங்கே தடை. மகளுக்கென்று பொட்டலம் கட்டி வைத்திருந்ததை அத்தை எடுத்து வெளியே வைத்தபோது முகத்தில் அவ்வளவு வருத்தம்.

எத்தனை மணி நேரம் இருந்தால் ஊருக்குள் போகலாம்? ரயிலில் லிட்டில் இந்தியா போவதென்றால், விமான நிலையத்துக்கு அடுத்த நிலையமான எக்ஸ்போவில் இறங்கி டவுன்டவுன் தடத்தில் மாறினால் நேராகக் கொண்டு விடும். காத்திருப்பதையும் சேர்த்து ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். போக ஒன்று, வர ஒன்று, குடிநுழைவில் இரு பக்கமுமாக ஒன்று, விமானத்துக்கு முன் இரண்டு. ஐந்து மணி நேரம் இதிலேயே போய்விடுகிறது. எட்டு மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளியில் ஊருக்குள் போவது கோயில் வாசலைத் தொட்டுவிட்டு ஓடி வருகிற கதைதான். விமான நிலையமே நடத்தும் இலவசச் சுற்றுலா ஒன்று உண்டு. ஐந்தரை மணி முதல் 24 மணி நேரத்துக்குள் இடைவெளி உள்ளவர்களை இரண்டரை மணி நேரம் சுற்றிக்காட்டுவார்கள். இலவசம் என்பது பேருந்துக்குத்தான். விசாவோ மேற்படிச் சலுகையோ இல்லாமல் அதிலும் ஏற முடியாது.

அத்தைக்கு ஆறு மணி நேரம்தான் மிச்சம் என்பதால் ஜுவலோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னேன். முதல் முனையத்திலிருந்து நடந்தே போகலாம். அருவியைப் பார்க்கக் காசு இல்லை. நாலரைக்குள் திரும்பிவிட வேண்டும். பெட்டி ஏற்கெனவே போய்விட்டது, போர்டிங் பாஸ் கையில் இருக்கிறது. மறுபடி குடிநுழைவைத் தாண்டி உள்ளே வந்தால் போதும்.

கடைசியாக இரண்டு விஷயம். முதலாவது கடிகாரம். வைஃபையிலோ ரோமிங்கிலோ சேராத போன் இந்திய நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கலாம். கைக்கடிகாரம் கேட்கவே வேண்டாம். அத்தையின் கடிகாரத்தில் நாலரை ஆகும்போது மெல்போர்ன் விமானம் ஓடுபாதையில் இருக்கும். அதனால் இறங்கியதும் முள்ளைத் திருப்புங்கள், பிறகு பையைத் தூக்குங்கள் என்று எழுதினேன்.

இரண்டாவது, கேட். நம் ஊரில் பாதுகாப்புச் சோதனை முதலிலேயே முடிந்துவிடும். சாங்கியின் முதல் மூன்று முனையங்களில் அது கடைசியில், கேட் வாசலில் நடக்கும். உள்ளே வாங்கிய தண்ணீர் பாட்டில், குடிக்க மீதம் வைத்த ஜூஸ் எல்லாம் அங்கே போய்விடும். காலி பாட்டிலை வைத்துக்கொள்ளலாம். இந்தச் சோதனைக்கு வரிசை சேரும் என்பதால் போர்டிங் பாஸில் இருக்கும் கேட் நேரத்தைப் பாருங்கள், விமானம் கிளம்பும் நேரத்தை அல்ல. கேட் எண்ணும் மாறக்கூடும். அரை மணிக்கு ஒருமுறை திரையைப் பார்ப்பது நல்லது.

அத்தை மூன்று மாதம் கழித்துத் திரும்பினார். நான் எழுதிக் கொடுத்த தாள் நாலாக மடிந்து, காபிக் கறையோடு வந்து சேர்ந்தது. அடியில் அவர் கையெழுத்தில் பென்சிலால் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'கேட்டுக்குள்ள போயிட்டா பாத்ரூம் கிடையாது. முன்னாடியே போயிடணும். இதை எழுதாம விட்டுட்டான்.'